மை போகும் வழி

பள்ளி விட்டு வரும் பிள்ளையின் சட்டைப் பை அடியில் நீலமாக ஒரு வட்டம் தெரிந்ததும், பெரும்பாலான வீடுகளில் சட்டை நேராகக் குழாயடிக்குத்தான் போகும். நனைத்து, சோப்பு போட்டு, இரண்டு கையாலும் கசக்குவார்கள். சாம்பார்க் கறைக்கும் செம்மண் கறைக்கும் அது சரியான வைத்தியம். பால்பாயின்ட் பேனா மைக்கு அதுதான் வினை. ஒரு ரூபாய்க் காசு அளவில் இருந்த கறை, ஐந்து நிமிடக் கசக்கலில் உள்ளங்கை அளவுக்கு வெளிறிப் பரவியிருக்கும். மை வெளியே போகவில்லை, சட்டைக்குள்ளேயே அகலமாகக் குடியேறியிருக்கிறது.

இந்த மை எதனால் ஆனது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஹங்கேரியைச் சேர்ந்த பத்திரிகையாளர் லாஸ்லோ பீரோ, செய்தித்தாள் அச்சு மை எவ்வளவு சீக்கிரம் காய்கிறது, தன் ஊற்றுப்பேனா மை மட்டும் ஏன் ஈசிக்கொண்டே இருக்கிறது என்று யோசித்தவர். அச்சு மை கெட்டியானது. ஊற்றுப்பேனா நிப்பின் வழியே இறங்காது. அதனால் முனையில் ஒரு சின்ன உலோகக் குண்டை வைத்து, அது உருளும்போது கெட்டி மையை எடுத்துத் தாளில் பூசும்படி செய்தார். வேதியியல் தெரிந்த அவருடைய சகோதரர் மைக்கான கலவையைத் தயாரிப்பதில் உதவினார். 1938ல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார்கள். அன்றிலிருந்து இந்தப் பேனாவுக்குள் இருப்பது தண்ணீர் மை இல்லை. எண்ணெய்ப் பசை போன்ற ஒரு குழம்பு.

அந்தக் குழம்பில் மூன்று பங்காளிகள். ஒன்று சாயம், எடையில் கால் பங்குக்கு மேல்கூட இருக்கும். இரண்டாவது, சாயத்தைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான். பென்சைல் ஆல்கஹால், பீனாக்சி எத்தனால் என்ற, மெதுவாக ஆவியாகும் திரவங்கள் இதற்குப் பயன்படுகின்றன. மூன்றாவது, மையைக் கெட்டியாக்கி, காய்ந்தபின் தாளோடு ஒட்ட வைக்கும் பிசின். நீல மையில் பெரும்பாலும் இருக்கும் ஊதாச் சாயம் உங்களுக்குப் புதிது அல்ல. ஒரு காலத்தில் வாய்ப்புண்ணுக்கும் தோல் புண்ணுக்கும் அரசு ஆஸ்பத்திரியில் தடவிவிட்ட ஜென்ஷன் வயலட் என்ற ஊதா மருந்து அதே சாயக் குடும்பம்தான். தடவிய இடம் நாள்கணக்கில் ஊதாவாகவே இருந்ததை அனுபவித்தவர்கள், அது சோப்புக்கு எவ்வளவு மசியும் என்று அறிவார்கள்.

பிசினும் கரைப்பானும் தண்ணீரில் லேசில் கரையாது. ஆனால் அவற்றோடு இருக்கும் சாயத்தில் கொஞ்சம் தண்ணீரோடு கிளம்பிவிடும். அதனால்தான் நனைத்த சட்டையில் கறையின் நடுப்பகுதி அப்படியே இருக்க, ஓரத்தில் மட்டும் வெளிர்நீலம் படர்கிறது. ஆல்கஹாலில் கதையே வேறு. மையின் கரைப்பானே ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்பதால், மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டோ கை சானிடைசரோ பட்டவுடன் பிசின் இளகி, காய்ந்துபோன மை மறுபடியும் பேனாவுக்குள் இருந்த நிலைக்குத் திரும்புகிறது. சாயத்தை ஆல்கஹால் கொல்வதில்லை. நிறம் அப்படியே, அதே வீரியத்தோடு இருக்கிறது. நகர மட்டும் தொடங்கியிருக்கிறது. இனி அது எங்கே போகப்போகிறது என்பதைத் தீர்மானிப்பதுதான் நம் வேலை. துணிக்கும் சுவருக்கும் உள்ள வித்தியாசமும் இங்கேதான் பிறக்கிறது. துணிக்குப் பின்பக்கம் உண்டு, மையை அந்தப் பக்கமாகத் தள்ளிவிடலாம். சுவருக்குப் பின்பக்கம் கிடையாது, வந்த வழியாகவே திரும்ப எடுத்தாக வேண்டும்.

ஸ்பிரிட் பாட்டிலைத் திறப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கறை பால்பாயின்ட் மைதானா? இன்று பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸில் ஜெல் பேனாவும் ஊற்றுப்பேனாவும் கலந்தே கிடக்கின்றன. ஈரப் பஞ்சுக்குச்சி ஒன்றைக் கறையின் ஓரத்தில் மெல்ல ஒற்றுங்கள். வெறும் தண்ணீருக்கே நிறம் நன்றாக ஏறி வந்தால் அது ஊற்றுப்பேனா மையாகவோ ஜெல் மையாகவோ இருக்கும். குளிர்ந்த தண்ணீரும் பாத்திரம் கழுவும் திரவமும்தான் அதற்கு முதல் மருந்து. தண்ணீருக்கு அசையாமல் ஸ்பிரிட் நனைத்த குச்சிக்குச் சட்டென்று நீலம் ஏறினால், நாம் தேடும் ஆள் அதுதான். இரண்டுக்கும் அசையவில்லை என்றால், அது அனேகமாக நிறமித் துகள் கொண்ட ஜெல் மை. கரையாத துகள் நூலிழைகளுக்குள் சிக்கிக்கொண்டால் எந்தக் கரைப்பானும் அதை முழுதாக எடுக்காது. அப்படிப்பட்ட சட்டையில் மல்லுக்கட்டி அரை நாளைக் கழிக்க வேண்டாம்.

இனி ஒரு சட்டையை எடுத்துக்கொள்வோம். ஏழாம் வகுப்புப் பையனின் வெள்ளை அரைக்கைச் சட்டை, பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணி. மூடியைத் தொலைத்த பேனாவைத் தலைகீழாகப் பையில் குத்தியிருக்கிறான். பை அடியில் மூன்று விரல் அகலத்துக்கு மை ஊறி, பைக்குப் பின்னால் இருக்கும் சட்டைத் துணியிலும் இறங்கியிருக்கிறது. மறுநாளும் அதே சட்டைதான் வேண்டும்.

முதல் காரியம், நனைக்காமல் இருப்பது. காய்ந்த டிஷ்யூ தாளையோ பழைய துணியையோ வைத்து அழுத்தி, இன்னும் ஈரமாக இருக்கும் மையை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. இது சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் பேனா கசிந்த கறையில் கணிசமான மை இந்த ஒற்றலிலேயே வந்துவிடும். அடுத்தது, துணியின் சொந்த நிறம் ஸ்பிரிட்டுக்குத் தாங்குமா என்று பார்ப்பது. வெள்ளைச் சட்டைக்கு அந்தக் கவலை இல்லை. அடர்நீலப் பாவாடை, மெரூன் டை போன்றவற்றுக்கு உண்டு. உள்பக்கத் தையல் மடிப்பில் ஒரு சொட்டு விட்டு, வெள்ளைத் துணியால் அழுத்திப் பாருங்கள். துணியின் சாயமே இறங்கி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மைக்கறை இருந்த இடத்தில் வெளுத்த தேமல் வருவது இன்னும் அசிங்கம். பள்ளிச் சின்னம் அச்சிட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஸ்பிரிட் போகவே வேண்டாம்.

பை என்பதால் இங்கே இரண்டு அடுக்குத் துணி. அப்படியே வேலையைத் தொடங்கினால் முன் அடுக்கின் மை பின் அடுக்குக்குத்தான் போகும். பைக்குள் நாலாக மடித்த பழைய வெள்ளைத் துணியைச் செருக வேண்டும். வேட்டித் துண்டோ பழைய பனியனோ, நன்றாக உறிஞ்சுகிற பருத்தித் துணியாக இருந்தால் போதும். இரண்டு அடுக்கையும் தனித்தனியாகத்தான் கவனிக்க வேண்டும். முதலில் பை. முடிந்தால் பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பி, கறை பட்ட முகம் கீழே இருக்கும்படி அந்த வெள்ளைத் துணியின்மேல் படுக்க வையுங்கள். மை மேலிருந்துதான் வந்தது, அதனால் கறையின் முதுகில் ஸ்பிரிட்டை வைத்தால் அது வந்த பக்கமாகவே இறங்கி, அடியில் இருக்கும் துணிக்குப் போய்விடும்.

பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்துகொண்டு, கறையின் வெளி ஓரத்தில் இருந்து நடுவை நோக்கி ஒற்றி ஒற்றி வாருங்கள். நடுவில் ஊற்றினால் மை வெளியே ஓடி வளையம் கட்டிவிடும். ஒற்றிய ஐந்தாறு வினாடிகளில் கறை கலங்கி, ஊதா நிறமாக இளகும். பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள், வேலை நடக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். இப்போது சட்டையைத் தூக்கி அடித்துணியைப் பாருங்கள். கறையின் அச்சு அங்கே நீலமாக விழுந்திருக்கும். அடித்துணியைக் கொஞ்சம் நகர்த்திச் சுத்தமான இடத்தை அடியில் கொண்டு வாருங்கள், பஞ்சையும் மாற்றுங்கள். இந்த முறையில் பலர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். அழுக்கான பஞ்சால் ஒற்றினால் எடுத்த மையையே திரும்ப ஊட்டுகிறீர்கள். நகர்த்தி நகர்த்தி, அடித்துணியில் விழும் அச்சு வெளிறி, கடைசியில் நீலமே ஏறாமல் போகும்வரை தொடர வேண்டும். மூன்று விரல் அகலக் கறைக்கு இரண்டு மூன்று மேஜைக்கரண்டி ஸ்பிரிட்டும் உள்ளங்கை அளவு பஞ்சும் செலவாகும்.

ஸ்பிரிட் ஈரம் முழுதாக உலரும் முன்னால் பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மூன்று சொட்டை அந்த இடத்தில் விட்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவி, பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். இளகிய பிசினையும் எண்ணெயையும் பிடித்துக்கொண்டு தண்ணீரோடு போவதற்கு இதுதான் துணை. இப்போதுதான் குழாய்க்கு வேலை. குளிர்ந்த தண்ணீர், அதுவும் கறையின் பின்பக்கம் இருந்து விழும்படி. அலசியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். லேசான ஊதா நிழல் தெரிந்தால், துணியை நன்றாக உலர்த்தி, ஸ்பிரிட்டில் இருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஈரத்துணியின் மேலேயே ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீர் அதை நீர்த்துப்போகச் செய்துவிடும். பாதி பலன்தான் கிடைக்கும்.

வெள்ளைச் சட்டையில் இரண்டாவது சுற்றுக்குப் பிறகும் மிஞ்சும் மெல்லிய நிழலுக்கு, கறை நீக்கும் பொடி என்ற பெயரில் விற்கும் ஆக்சிஜன் ப்ளீச் உதவும். சோடியம் பெர்கார்பனேட் என்று டப்பாவின் பின்னால் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டப்பாவில் சொன்ன அளவில் வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். கைசுடும் தண்ணீர் வேண்டாம். இங்கே மட்டும்தான் சாயம் நகராமல் நிறமிழக்கிறது; ஆனால் கறையின் பெரும்பகுதி அதற்கு முன்பே அடித்துணிக்குப் போயிருக்க வேண்டும். முழுக் கறையையும் ப்ளீச்சிடம் ஒப்படைத்தால் பொடி தீரும், கறை தீராது.

குளோரின் வாடை அடிக்கும் ப்ளீச்சிங் திரவம் இந்த வேலைக்கு ஆகாது என்பது என் தீர்ப்பு. எண்ணெய்ப் பிசினுக்குள் ஒளிந்திருக்கும் சாயத்தை அது சரியாகத் தொடுவதில்லை, நிறத் துணியை வெளுக்க வைக்கிறது. ஆபத்து அதைவிடப் பெரியது. ஸ்பிரிட், வினிகர், எலுமிச்சை எதனோடும் அதைக் கலக்கக் கூடாது. அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், ஆல்கஹால் சேர்ந்தாலும் நச்சுப் பொருள்கள் உண்டாகும். ‘ரெண்டு மருந்து சேர்ந்தா இன்னும் நல்லா போகும்’ என்ற எண்ணத்தில் குளியலறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பரிசோதனை செய்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்லிவிடலாம். பாலில் ஊறவைப்பது, எலுமிச்சையும் உப்பும், பற்பசை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். பாலில் உள்ள கொழுப்பு எண்ணெய் மையைக் கொஞ்சம் இளக்கும். இரவு முழுக்க ஊறினால் ஓரளவு குறையும், பால் நாற்றத்தைப் போக்க இன்னொரு சலவை ஆகும். எலுமிச்சை, பழைய காலத்து நீலக்கறுப்பு ஊற்றுப்பேனா மைக்குப் பேர்போனது. அந்த மையில் இரும்பு இருந்தது, புளிப்பு அதைக் கரைத்தது. பால்பாயின்ட் மையில் அந்த இரும்பு இல்லை. பாட்டி காலத்து மருந்து நோய் மாறியும் தொடர்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஹேர் ஸ்பிரே வேலை செய்ததாக அக்காக்கள் சொன்னால் அது பொய் இல்லை. அதில் இருந்த ஆல்கஹால்தான் அந்த வேலையைச் செய்தது. ஆனால் கூடவே முடியை விறைக்க வைக்கும் பசையும் இருக்கும், அதை எடுக்கத் தனியாக ஒரு சலவை. நெயில் பாலிஷ் நீக்கியும் மையைக் கரைக்கும், ஆனால் அதில் அசிட்டோன் இருந்தால் சில செயற்கை இழைகளும் சில பிளாஸ்டிக் பட்டன்களும் சேர்ந்தே கரையும்.

இவை எல்லாவற்றையும்விடக் கறையை நிரந்தரமாக்குவது இஸ்திரிப் பெட்டி. பாலியெஸ்டர் இழை சாதாரண வெப்பத்தில் இறுக்கமாக மூடிக்கிடக்கும். மை அதன் மேற்பரப்பிலும் இழைகளின் இடுக்கிலும்தான் ஒட்டியிருக்கும். எழுபது எண்பது டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்த இழையின் உள்ளமைப்பு நெகிழ ஆரம்பிக்கிறது. ஆலைகளில் பாலியெஸ்டருக்கு நிறம் ஏற்றுவதே 130 டிகிரி அளவுக்குச் சூடாக்கித்தான். இஸ்திரிப் பெட்டியில் இரண்டு புள்ளி போட்ட அளவு சுமார் 150 டிகிரி. அதாவது, கறை இருக்கும் சட்டையை இஸ்திரி போடுவது வீட்டிலேயே சாயப்பட்டறை நடத்துவது மாதிரி. நெகிழ்ந்த இழைக்குள் சாயம் போய், ஆறியதும் உள்ளே பூட்டப்பட்டுவிடுகிறது. வெயிலில் காயப்போடுவதால் இந்தக் கெடுதல் இல்லை, துணி அந்தச் சூட்டை எட்டுவதில்லை. ஆகவே கறை முழுதும் போய்விட்டது என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து உறுதி செய்யும்வரை, இஸ்திரிக்காரரிடம் அந்தச் சட்டை போகக் கூடாது. மூட்டையோடு போய்விட்டால், ‘கறை மேல பெட்டி வைக்காதீங்கண்ணே’ என்று சொல்லி அனுப்பவாவது வேண்டும்.

ஏற்கெனவே இஸ்திரி போட்டாகிவிட்டதா? முழுதாகப் போகும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கறையின்மேல் வைத்து, ஆவியாகாமல் இருக்க ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து, பத்து நிமிடம் விட்டுப் பிறகு ஒற்றிப் பாருங்கள். பருத்தி அதிகம் உள்ள துணியில் கணிசமாகக் குறையும்; பாலியெஸ்டர் அதிகம் உள்ளதில் நிழல் நிற்கும். சிவப்பு மையாக இருந்தால் எதிர்பார்ப்பை இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். சிவப்புப் பேனாக்களில் பல சமயம் சேர்க்கப்படும் ரோடமின் வகைச் சாயம், கடைசியில் ஒரு வெளிர் ரோஜாவாகத் தங்கிவிடும் பிடிவாதக்காரன். குளிர்கால ஸ்வெட்டர் கம்பளியாக இருந்தாலும் இதே சங்கடம். இந்த மைச் சாயங்களில் பல, பருத்தியை விடக் கம்பளியையும் பட்டையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இனம்.

ஸ்பிரிட் கையில் இருக்கும்போது அடுப்பு எரியக் கூடாது, சாமி விளக்கும் ஊதுபத்தியும் அந்த அறையில் கூடாது. நம் ஊர் வெப்பத்தில் அதன் ஆவி சுலபமாகத் தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வைத்து, பெரியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. ஸ்பிரிட் ஈரத்தோடு சட்டையை வாஷிங் மெஷினில் போடவும் கூடாது, அலசிய பிறகே போட வேண்டும்.

சுவருக்கு வருவோம். இங்கே குற்றவாளி பெரும்பாலும் மூன்று நான்கு வயதுக்காரர். சோபாவுக்குப் பின்னால், தன் தோள் உயரத்தில், நீளமாக ஒரு கோடும் கோட்டின் முடிவில் ஒரு சூரியனும். பார்ப்பதற்குச் சட்டைக் கறையைவிடச் சுலபமாகத் தெரியும். ஊறாமல் மேலே நிற்கிற மாதிரி இருக்கும். உண்மையில் இரண்டு சிக்கல் அதில் இருக்கிறது. ஒன்று, பேனா முனையின் குண்டு கடினமான உலோகம். குழந்தை அழுத்தி இழுக்கும்போது பெயின்ட் படலத்தில் ஒரு மெல்லிய பள்ளம் விழுகிறது, மை அந்தப் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே துணியால் எவ்வளவு தேய்த்தாலும் பள்ளத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் பெயின்ட்தான் தேயும். இன்னொன்று, மையைக் கரைக்கும் அதே ஸ்பிரிட், இன்று பெரும்பாலான வீட்டுச் சுவர்களில் இருக்கும் அக்ரிலிக் எமல்ஷன் பெயின்டையும் இளக்கும். மைக்கும் பெயின்டுக்கும் ஒரே பகையாளி. மை இளகி, பெயின்ட் இன்னும் இளகாத அந்தச் சில வினாடிகள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

எனவே முதலில் சுவர் எந்த வகை என்று பாருங்கள். ஈர விரலை மூலையில் தேய்த்தால் வெள்ளை மாவு ஒட்டுகிறதா? அது சுண்ணாம்பு அல்லது மலிவான டிஸ்டெம்பர். அதில் எந்தத் திரவத்தையும் வைக்காதீர்கள், கோடு கறையாக மாறுவதுதான் மிச்சம். பளபளவென்று எனாமல் பெயின்ட் அடித்த சுவர், கதவு என்றால் அதிர்ஷ்டம். ஸ்பிரிட் நனைத்த துணியால் வேகமாக ஒருமுறை துடைத்து, உடனே ஈரத்துணியால் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். நடுவில் இருப்பதுதான் எமல்ஷன், அதற்குத்தான் பொறுமை வேண்டும்.

எமல்ஷன் சுவருக்குத் தண்ணியான ஸ்பிரிட்டை விட ஜெல் சானிடைசர் நல்லது. ஸ்பிரிட் சுவரில் நிற்காமல் வழியும், வழியும்போது சாயத்தையும் கூட்டிக்கொண்டு கீழே ஒரு நீலத் தாரையை இழுக்கும். ஜெல் வைத்த இடத்தில் நிற்கும். உலக சுகாதார நிறுவனம் கைகளுக்குப் பரிந்துரைத்த கலவைகளில் எத்தனால் 80 சதவீதமோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 75 சதவீதமோ இருக்கும். கடையில் வாங்கிய ஜெல்லில் 70க்குக் குறையாமல் இருந்தால் மைக்குப் போதும். நிறம் போடாத ஜெல்லாகப் பார்த்து எடுங்கள். பச்சை நிற ஜெல்லை வைத்து நீலக் கோட்டைப் பச்சை நிழலாக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஜெல்லைத் தொட்டு, கோட்டின் கீழ் முனையில் இருந்து மூன்று விரல் நீளத்துக்கு மட்டும், கோட்டின் மேலேயே, அகலம் தாண்டாமல் தடவுங்கள். பத்து வினாடி. பிறகு காய்ந்த புதுக் குச்சியைக் கோட்டின் நெடுகில் உருட்டுங்கள், தேய்க்காதீர்கள். உருட்டும்போது பஞ்சு பள்ளத்துக்குள் இறங்கி மையை உறிஞ்சிக்கொண்டு எழும்; தேய்த்தால் பள்ளத்தில் இருந்து கிளம்பிய மை பக்கத்துப் பெயின்டில் பூசப்படும். உடனே, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் அந்த இடத்தை ஒற்றி, ஆல்கஹாலின் வேலையை நிறுத்திவிட வேண்டும். பிறகு அடுத்த மூன்று விரல் நீளம். குச்சியைத் தாராளமாக மாற்றுங்கள். பள்ளத்தில் இன்னும் நீலம் தெரிந்தால், மென்மையான குழந்தைப் பற்தூரிகையில் ஜெல்லைத் தொட்டு, கோட்டின் திசையிலேயே இரண்டு முறை இழுக்கலாம்.

எப்போது நிறுத்துவது? குச்சியின் முனையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நீலத்தோடு சுவரின் மஞ்சளோ பச்சையோ ஏறி வந்தால், பெயின்ட் கரைய ஆரம்பித்துவிட்டது. விரல் வைத்தால் பிசுபிசுக்கும். அந்த இடத்தை அன்றைக்கு விட்டுவிடுங்கள். சில மணி நேரம் காய்ந்து பழைய கெட்டித்தன்மைக்கு வந்த பிறகு, தேவைப்பட்டால் இன்னொரு முறை தொடலாம். இரண்டாவது முறையும் மங்கல் நிழல் இருக்கிறது என்றால், அது பெயின்ட் படலத்துக்குள் ஊறிய சாயம். அதை எடுப்பது என்றால் பெயின்டையே எடுப்பது என்று பொருள்.

இன்னொரு சேதம் உடனே கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பில்லாத மேட் பெயின்டைத் தேய்த்தால் அதன் சொரசொரப்பு மழுங்கி, அந்த இடம் மட்டும் மினுங்கும். நேராகப் பார்த்தால் சுத்தமாகத் தெரியும். மாலையில் சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது வட்டமாக ஒரு மினுமினுப்பு நிற்கும். மேஜிக் எரேசர் என்று விற்கும் வெள்ளைப் பஞ்சு செய்வதும் இந்தத் தேய்ப்பைத்தான். மெலமைன் நுரையால் ஆன அது மையைக் கரைப்பதில்லை, மிக நைசான உப்புத்தாள் போல மேற்பரப்பைச் சுரண்டுகிறது. எனாமலில், செமி கிளாஸ் பெயின்டில் லேசாகப் பயன்படுத்தலாம். மேட் சுவரில், அதுவும் அடர்நிறச் சுவரில், நான் அதைத் தொடமாட்டேன். பற்பசையும் இதே சுரண்டல் வேலைதான் செய்கிறது.

இவ்வளவும் செய்த பிறகு, ‘வருஷம் மூணு ஆச்சு, எப்படியும் பெயின்ட் அடிக்கத்தானே போறோம்’ என்று கோட்டின் மேலேயே அடித்துவிடத் தோன்றும். பெயின்டர்களைக் கேட்டால் அந்த ஆசைக்கு அப்போதே தடை போடுவார்கள். ‘பேனா கோடு மேல எத்தனை கோட்டு அடிச்சாலும் மேல வந்துரும் சார்’ என்பது அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பேச்சு. அது மூடநம்பிக்கை இல்லை. எமல்ஷன் தண்ணீரில் குழைத்த பெயின்ட். அதில் தண்ணீரோடு கிளைகால் வகைக் கரைப்பான்களும் கொஞ்சம் உண்டு. ஈரப் பெயின்ட் கோட்டின்மேல் பட்டதும் அடியில் இருக்கும் சாயம் அந்த ஈரத்தில் கரைந்து மேலே ஏறுகிறது. காய்ந்து முடிக்கும்போது புதுப் படலத்தின் முகத்தில் வெளிர்நீலக் கோடு நிற்கிறது. இரண்டாவது கோட்டு அடித்தால் அதுவும் ஈரம்தான், சாயம் இன்னொரு படி ஏறும்.

இதைத் தடுக்க, சாயத்துக்கும் எமல்ஷனுக்கும் நடுவில் தண்ணீர் புகாத ஒரு திரை வேண்டும். முடிந்த அளவு மையை மேலே சொன்னபடி எடுத்துவிட்டு, 220 எண் உப்புத்தாளால் கோட்டைச் சுற்றி லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்து, டர்பன்டைனில் கலக்கும் ஆயில் பிரைமரைக் கோட்டின்மேலும் அதைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கும் ஒரு கை அடிக்க வேண்டும். கடையில் பிரைமர் என்று மட்டும் கேட்டால் தண்ணீரில் கலக்கும் வால் பிரைமரைக் கொடுத்துவிடுவார்கள், அதனால் இங்கே பயன் இல்லை. ஒரு இரவு முழுக்கக் காய்ந்த பிறகு எமல்ஷன். பேனா பள்ளம் ஆழமாக இருந்தால் பிரைமருக்குப் பிறகு கொஞ்சம் பட்டி பார்த்து, மட்டமாகத் தேய்த்துவிட்டு அடித்தால் சாய்வெளிச்சத்தில் கோடு தெரியாது. சுண்ணாம்புச் சுவரிலும் இதற்கு மாற்று வழி இல்லை. கோடு விழுந்த பகுதியைப் பட்டித் தகட்டால் சுரண்டி எடுத்து, நிரப்பி, பிரைமர் வைத்துத்தான் அடிக்க வேண்டும்.

மீதம் இருந்த பழைய டப்பாவில் இருந்து அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போடுவதைத் தவிர்க்கப் பாருங்கள். மூன்று வருடம் வெளிச்சம் பட்டு நிறம் மங்கிய சுவரில் அதே எண் பெயின்ட்கூடத் தனியாகத் தெரியும். ஒரு மூலையில் இருந்து அடுத்த மூலை வரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிட்டால் வித்தியாசம் மூலையில் மறைந்துவிடும். நடுத்தர அறையின் ஒரு சுவருக்கு ஒரு லிட்டர் டப்பா இரண்டு கோட்டுக்கே பெரும்பாலும் போதும்.